பெயர் மாற்றமும் புதுக் கணக்கு எண்ணும்: ஒரே கடிதமா, இரண்டு கடிதமா?

மன்னார்குடிப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பிரைவேட் லிமிடெட் நிறுவனம். மதுரை கீழமாசி வீதியில் இருக்கும் ஓர் அரிசி மண்டிக்கு ஆண்டு ஒப்பந்தத்தின் பேரில் மாதம் நான்கு லோடு புழுங்கலரிசி போகிறது. லோடுக்கு 10 டன், அதாவது 25 கிலோ மூட்டையில் 400. கிலோ 50 ரூபாய் என்று வைத்தால் லோடுக்கு 5 லட்சம். பதினைந்து நாள் தவணை. எந்த நாளில் லெட்ஜரைத் திறந்தாலும் இரண்டு லோடுப் பணம், சுமார் 10 லட்சம், மண்டியிடம் பாக்கி நிற்கும்.

இந்த ஆலை தன் பெயரை மாற்றிவிட்டது. கூடவே வங்கியும் மாறுகிறது. மண்டிக்கு இப்போது மூன்று சேதி சொல்லியாக வேண்டும்: பெயர் புதிது, ஒப்பந்தம் பழையதே, பணம் போட வேண்டிய கணக்கு வேறு. முதல் இரண்டையும் மண்டிக்காரர் படித்துவிட்டுக் கோப்பில் வைத்துவிடுவார். மூன்றாவதைப் படித்ததும் அவருடைய கணக்குப்பிள்ளை நிமிர்ந்து உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால்தான் நாம் கவலைப்பட வேண்டும். “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் செலுத்தவும்” என்பது வியாபாரிகளிடம் பணம் பறிப்பவர்கள் அதிகம் கையாளும் வாசகம். பெயரும் கணக்கும் ஒரே தாளில் மாறினால் அது இன்னும் மோசடிக் கடிதம் போலவே தெரியும்.

கைவசம் மூன்று வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் சொல்லிவிடுவது ஒன்று. பெயரையும் ஒப்பந்தத்தையும் ஒரு கடிதத்தில் சொல்லி, கணக்கு விவரத்தைச் சில வாரம் கழித்து வேறொரு கடிதத்தில், வேறொரு வழியில் அனுப்புவது இன்னொன்று. கணக்கு எண்ணை மாற்றாமல், இருக்கிற கணக்கிலேயே பெயரை மட்டும் திருத்திக்கொள்வது மூன்றாவது. எதை எடுப்பது என்பது கடிதத்தின் நடையைப் பொறுத்ததல்ல; கணக்கு ஏன் மாறுகிறது என்பதைப் பொறுத்தது.

முதலில்: இது பெயர் மாற்றம்தானா?

“ஒப்பந்தங்களில் மாற்றமில்லை” என்று எழுதுவதற்கு முன் பார்க்க வேண்டியது பான் எண். நிறுவனம் அப்படியே இருந்து பெயர் மட்டும் மாறினால் பான் எண் மாறாது. ஜி.எஸ்.டி. எண்ணின் மூன்றாவது எழுத்திலிருந்து பன்னிரண்டாவது எழுத்து வரை இருப்பது அந்த பான் எண்தான், ஆகவே ஜி.எஸ்.டி. எண்ணும் மாறாது. டெல்டாவில் பல ஆலைகள் கூட்டாண்மையாகத் தொடங்கிப் பிறகு பிரைவேட் லிமிடெட் ஆனவை. அந்த மாற்றத்தையும் பேச்சுவழக்கில் “பெயர் மாற்றம்” என்றுதான் சொல்வார்கள். ஆனால் அங்கே பான் எண் புதிது, ஜி.எஸ்.டி. பதிவு புதிது, சட்டத்தின் கண்ணில் ஆளே புதிது. அந்த நிலையில் ஒப்பந்தம் மாறவில்லை என்று ஒரு வரியில் முடித்துவிட முடியாது. ஒப்பந்தத்தைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றித்தரும் ஆவணம் வேண்டும். இனி இங்கே பேசுவது பான் மாறாத, வெறும் பெயர் மாற்றம் பற்றி மட்டும்.

கம்பெனிச் சட்டம் 2013-இன்படி புதிய பெயரைப் பதிவாளரிடம் முன்பதிவு செய்து, சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றி, INC-24 படிவத்தில் ஒப்புதல் பெற வேண்டும். முடிவில் புதிய பெயரில் பதிவுச் சான்றிதழ் வரும். பெயர் மாறிய நாள் என்று கடிதத்தில் போட வேண்டியது அந்தச் சான்றிதழின் தேதி. தீர்மானம் போட்ட நாளோ, வாசலில் பலகை மாட்டி ஐயரை அழைத்துப் பூசை போட்ட நாளோ அல்ல. அந்தத் தேதியிலிருந்து 15 நாளுக்குள் ஜி.எஸ்.டி. பதிவில் திருத்தம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அதிகாரி பார்த்து ஒப்புதல் தர மேலும் சில நாள் பிடிக்கும்.

கடிதத்தை அதுவரை நிறுத்தி வைப்பதே நல்லது. மண்டியின் கணக்குப்பிள்ளை கடிதம் கிடைத்ததும் முதலில் செய்வது, ஜி.எஸ்.டி. தளத்தில் நம் எண்ணைப் போட்டுப் பார்ப்பது. அங்கே இன்னும் பழைய பெயர் நின்றால் கடிதத்தின் மேல் நம்பிக்கை அப்போதே குறைந்துவிடும்.

ஒப்பந்தத்துக்குக் கடிதம் போதுமா?

பான் மாறாதபோது ஒப்பந்தம் தானாகவே தொடரும். அப்படியிருந்தும் சில ஆலைகள் “எதற்கும் இருக்கட்டும்” என்று புதிய பெயரில் புது ஒப்பந்தம் எழுதி அனுப்புகின்றன. இது வேண்டாத வேலை. புது ஒப்பந்தம் என்று மேசையில் வைத்ததும் விலை, தவணை, ஈரப்பதக் கழிவு, நொறுக்கு சதவீதம் எல்லாம் மறுபடி பேச்சுக்கு வரும். முந்தைய ஒப்பந்தத்தின் கீழ் கொடுத்த டெபாசிட் எந்தக் கணக்கில் நிற்கிறது என்ற கேள்வியும் எழும். முத்திரைத்தாள் செலவு வேறு.

கடிதத்தின் இரண்டாம் பிரதியில் மண்டிக்காரரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வைத்துக்கொண்டால் பெரும்பாலும் போதும். ஒரு பக்கத் துணை ஒப்பந்தம் தேவைப்படும் இடம் இரண்டு உண்டு. ஒப்பந்தத்துக்குள்ளேயே வங்கிக் கணக்கு எண் எழுதப்பட்டிருந்தால் ஒன்று. “எந்த மாற்றமும் இரு தரப்பும் கையெழுத்திட்ட எழுத்து மூலமே செல்லும்” என்ற பிரிவு இருந்தால் மற்றொன்று. அந்தப் பிரிவு கடைசிப் பக்கத்தில், யாரும் படிக்காத இடத்தில் இருக்கும். கடிதம் எழுதும் முன் ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை கடைசி வரை படித்துவிடுவது நல்லது. அறிவிப்பை எந்த முகவரிக்கு, எந்த வழியில் அனுப்ப வேண்டும் என்பதும் அங்கேதான் இருக்கும். பதிவுத் தபால் என்று எழுதியிருந்தால், 2025 செப்டம்பரில் அது ஸ்பீடு போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை வாங்கி வைக்கவும்.

கணக்கு எண் மாறாத வழி

மூன்றாவது வழியை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் முடிந்தவர்கள் இதைத்தான் எடுக்க வேண்டும். சான்றிதழ், திருத்திய பான், இயக்குநர் குழுத் தீர்மானம் ஆகியவற்றைக் கொடுத்தால் வங்கி அதே கணக்கில் பெயரை மட்டும் மாற்றித் தரும். எண்ணும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடும் அப்படியே. மண்டியின் நெட்பேங்கிங்கில் நம்மைப் பழைய பெயரிலேயே பயனாளியாகப் பதிந்து வைத்திருந்தாலும் பணம் வந்துவிடும். நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். இரண்டிலும் வரவு வைப்பது கணக்கு எண்ணைக் கொண்டுதான். பெயர் பொருந்தவில்லை என்று பணம் நிற்பதில்லை.

இந்த வழியில் ஒரே கடிதம் போதும். கணக்கு விவரம் என்ற பகுதியில், “கணக்கு எண்ணும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடும் மாறவில்லை, கணக்கின் பெயர் மட்டும் புதிய பெயராகியுள்ளது” என்று ஒரு வரி. எண்ணைத் திரும்ப அச்சிட வேண்டாம், “தங்களிடம் உள்ள அதே எண்” என்றால் போதும். எண் இல்லாத கடிதத்தைத் திருத்தி மோசடி செய்ய எதுவும் இல்லை.

ஐ.எஃப்.எஸ்.சி. மட்டும் மாறும் நிலையும் இதற்குப் பக்கத்தில்தான் வரும். கரூரில் தொடங்கப்பட்ட லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கியோடு இணைக்கப்பட்டபோது டெல்டா வியாபாரிகள் பலர் இதைச் சந்தித்தார்கள். கணக்கு எண் அப்படியே இருக்க, `LAVB` என்று தொடங்கிய குறியீடுகள் 2022-இல் செல்லாமல் போயின. அப்படிப்பட்ட மாற்றத்தை வங்கியே பொதுவில் அறிவித்திருக்கும். வாங்குபவர் நம் கடிதத்தை நம்ப வேண்டிய அவசியமே இல்லை, வங்கியின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வார்.

எண் மாறியே ஆக வேண்டும் என்றால்

நம் மன்னார்குடி ஆலைக்கு அந்த வசதி இல்லை. பழைய வங்கியில் இருந்த சி.சி. என்னும் கேஷ் கிரெடிட் கடனைப் புதிய வங்கி எடுத்துக்கொள்கிறது. வரவேண்டிய பாக்கிகளும் கையிருப்பு நெல்லும் கடனுக்கு ஈடு. எனவே விற்ற பணம் கடன் கொடுத்த வங்கியின் கணக்கு வழியாகவே வர வேண்டும் என்று புதிய வங்கி நிபந்தனை போடும்.

ஒரே கடிதம் என்ற முதல் வழிக்கு ஒரு நியாயம் உண்டு: வேலை ஒரே தடவையில் முடிகிறது. மண்டியில் பெயரைத் திருத்துபவரும் பயனாளியைச் சேர்ப்பவரும் ஒரே ஆளாக இருக்கலாம், அவருக்கும் அது எளிது. இருநூறு வாடிக்கையாளர் உள்ள நிறுவனத்துக்குத் தபால் செலவும் பாதி. ஆனால் அதே எளிமை மற்றவனுக்கும் உதவும். நம் மின்னஞ்சலையோ மண்டியின் மின்னஞ்சலையோ ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தால், நாம் அனுப்பிய பி.டி.எஃப். கடிதத்தை எடுத்து, லெட்டர்ஹெட், கையெழுத்து, சான்றிதழ் நகல் எல்லாவற்றையும் அப்படியே விட்டு, கணக்கு எண்ணை மட்டும் மாற்றி, ஓர் எழுத்து வித்தியாசமுள்ள முகவரியிலிருந்து “முந்தைய கடிதத்தில் எண் தவறாகிவிட்டது, இதைக் கொள்ளவும்” என்று அனுப்புவான். பெயர் மாறியது உண்மை. சான்றிதழ் உண்மை. ஜி.எஸ்.டி. தளத்தில் சரிபார்த்தாலும் சரியாகவே இருக்கும். பொய் என்பது ஓர் எண் மட்டும்தான்.

இரண்டு கடிதம் என்ற வழி இதைத் தடுப்பது, இடைவெளியால் மட்டுமல்ல. முதல் கடிதமே இரண்டாவதற்குக் காவல் போட்டுவிடுகிறது என்பதால். முதல் கடிதத்தில் கணக்கு பற்றிப் பேசாமல் விட்டுவிடலாமே என்று தோன்றும். விடக்கூடாது. “கணக்கில் இப்போதைக்கு மாற்றமில்லை, மாறினால் இன்ன வழியில்தான் சொல்வோம்” என்று அதில் எழுதியிருந்தால், பிறகு வாட்ஸாப்பில் வரும் எந்தக் கணக்கு எண்ணும் மண்டிக்காரர் கையில் அடிபட்டுப் போகும். முதல் கடிதத்தின் வாசகம் இப்படி இருக்கலாம்:

> பொருள்: நிறுவனப் பெயர் மாற்றம் – ஒப்பந்த எண் ______, நாள் ______
>
> அன்புடையீர், வணக்கம்.
>
> (பழைய பெயர்) என்ற எங்கள் நிறுவனத்தின் பெயர் ______ தேதியிட்ட பதிவுச் சான்றிதழின்படி (புதிய பெயர்) என மாற்றப்பட்டுள்ளது. பான் எண், ஜி.எஸ்.டி. எண், பதிவு அலுவலக முகவரி ஆகியவற்றில் மாற்றமில்லை. சான்றிதழின் நகல் இணைப்பில் உள்ளது.
>
> தங்களுடன் உள்ள மேற்படி ஒப்பந்தத்தின் விலை, அளவு, தரம், தவணை, டெபாசிட் தொகை ஆகிய அனைத்தும் அப்படியே தொடரும். பழைய பெயரில் நாங்கள் தந்த பில்களும் தாங்கள் தந்த ஆர்டர்களும் செல்லும். ______ தேதி முதல் எங்கள் பில்கள் புதிய பெயரில் வரும். பழைய பெயரும் அதில் குறிப்பிடப்பட்டிருக்கும்.
>
> பணம் செலுத்தும் வங்கிக் கணக்கில் இக்கடிதத்தால் எந்த மாற்றமும் இல்லை. இனி மாற்றம் ஏதும் இருந்தால் அசல் கடிதமாக, லோடுடன் நேரில் தரப்படும். தங்கள் லெட்ஜரில் ஏற்கெனவே உள்ள எங்கள் தொலைபேசி எண்ணில் தாங்களே அழைத்து உறுதி செய்த பிறகே அதை ஏற்கவும். மின்னஞ்சலிலோ வாட்ஸாப்பிலோ மட்டும் வரும் கணக்கு விவரத்தை ஏற்க வேண்டாம்.
>
> இக்கடிதத்தின் இரண்டாம் பிரதியில் கையொப்பமும் முத்திரையும் இட்டு அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம்.

பழைய பெயரையும் பில்லில் போடுவது மரியாதைக்காக அல்ல. பெயர் மாறிய நிறுவனம் இரண்டு ஆண்டுகளுக்கு லெட்டர்ஹெட்டிலும் பில்லிலும் பெயர்ப்பலகையிலும் முந்தைய பெயரைச் சேர்த்தே காட்ட வேண்டும் என்பது சட்டம். மண்டிக்கும் அதனால் நன்மை: புதிய பெயரில் வரும் பில்லைப் பழைய லெட்ஜரோடு பொருத்துவது எளிது.

இரண்டாவது கடிதமும் ஒரு சில்லறைத் தொகையும்

இரண்டாவது கடிதம் சிறியதாக இருக்கட்டும். புதிய கணக்கின் பெயர், எண், வங்கி, கிளை, ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு, எந்தத் தேதியிலிருந்து, எந்தெந்த பில்லுக்கு. கூடவே பெயர் அச்சிட்ட, குறுக்கே கோடிட்டு ரத்து செய்த காசோலை ஒன்று. அதில் கையெழுத்துப் போட வேண்டாம். கணக்கு எண்ணை ஒருமுறை நாலு நாலு இலக்கமாகப் பிரித்தும் எழுதினால் தட்டச்சுப் பிழை குறையும். ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டின் பதினொரு எழுத்தில் ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அதை ஓ என்று அடித்துவிட்டுப் “போகவில்லை” என்று போன் வருவது வழக்கம்.

அனுப்ப நல்ல வழி லோடு லாரிதான். வாரா வாரம் போகிற டிரைவரை மண்டியில் எல்லோருக்கும் தெரியும். பில் கவரோடு அசல் கடிதம் போய்ச் சேரும், இரண்டாம் பிரதி கையெழுத்தோடு திரும்பும்.

பிறகு சரிபார்ப்பு. கடிதத்தில் அச்சிட்ட எண்ணுக்கு மண்டிக்காரர் பேசினால் பயனில்லை, போலிக் கடிதத்தில் போலி எண் இருக்கும். பல வருடமாகப் பேசிவரும் எண்ணில் அவரே அழைக்க வேண்டும். அழைத்ததும் ஆலைத் தரப்பில் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: “அண்ணாச்சி, புதுக் கணக்குக்கு ஒரு சின்னத் தொகை போடுங்கள். எவ்வளவு என்று சொல்லாதீர்கள். வந்ததும் நாங்கள் சொல்கிறோம்.” அவர் 7 ரூபாய் 35 பைசா போடுகிறார். ஆலையிலிருந்து “ஏழு முப்பத்தைந்து” என்று பதில் வந்தால், பேசுகிற ஆளும் கணக்கு வைத்திருக்கும் ஆளும் ஒருவரே என்று தெரிந்துவிடும். வழக்கமான ஒரு ரூபாய்ச் சோதனையில் இந்த உறுதி கிடைக்காது. ஒரு ரூபாய் வந்தது என்று யாரும் ஊகித்துச் சொல்லிவிடலாம்.

இன்னொரு துணையும் இப்போது உண்டு. நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். அனுப்பும் முன் பெறுபவரின் பெயரைத் திரையில் பார்க்கும் வசதியை 2025 ஏப்ரலுக்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொன்னது. மண்டிக்காரர் எண்ணை இட்டதும் கணக்கின் பெயர் தெரியும். ஆகவே புதிய கணக்கு புதிய பெயரில்தான் திறக்கப்பட்டிருக்க வேண்டும். பான் திருத்தம் முடியாததால் பழைய பெயரிலேயே கணக்கைத் திறந்துவிட்டு, கடிதத்தில் புதிய பெயரைப் போட்டால், மண்டிக்காரர் திரையில் காண்பது பொருந்தாத பெயர். அவர் பணத்தை நிறுத்தி வைத்தால் அவர் மேல் தப்பில்லை. சான்றிதழ், பிறகு பான், பிறகு ஜி.எஸ்.டி.யும் வங்கியும், கடைசியில் கடிதம் என்ற வரிசை இதனால்தான்.

பில் கணக்கா, தேதிக் கணக்கா?

மாறும் நேரத்தில் நிற்கும் அந்த 10 லட்சத்தை எந்தக் கணக்கில் போடுவது என்பதில்தான் அதிகக் குழப்பம் வரும். இரண்டு விதமாக முடிவு செய்யலாம்.

பில்லைப் பொறுத்து முடிவு செய்வது ஒன்று: ஜூலை 31 வரையிலான பில்லுக்குப் பழைய கணக்கு, ஆகஸ்ட் 1 முதல் புதியது. பில்லில் என்ன கணக்கு அச்சாகியிருக்கிறதோ அதில் போட்டால் போதும் என்பதால் கணக்குப்பிள்ளை யோசிக்கவே வேண்டாம். ஆனால் பழைய கணக்கு திறந்திருக்க வேண்டும். எவ்வளவு நாள்? ஜூலை 31 பில்லின் தவணை ஆகஸ்ட் 15. நடைமுறையில் ஒரு மாதம் இழுக்கும், செப்டம்பர் பாதி. அப்போது காசோலையாகக் கொடுத்தால் அது மூன்று மாதம் செல்லும். ஆக டிசம்பர் பாதி வரை கணக்கு உயிரோடு இருந்தால்தான் நிம்மதி.

தேதியைப் பொறுத்து முடிவு செய்வது மற்றொன்று: ஆகஸ்ட் 1 முதல் எந்த பில்லானாலும் புதிய கணக்கு. இதில் பழைய பில்லில் அச்சான எண்ணும் கடிதமும் முரண்படும். அதைச் சமாளிக்க, பாக்கி நிற்கும் பில்களின் எண், தேதி, தொகையை இரண்டாவது கடிதத்தின் அடியிலேயே எழுதி, “இவற்றுக்கும் புதிய கணக்கே” என்று குறிக்க வேண்டும்.

சாதாரணமாக முதலாவதே மேல். ஆனால் நம் ஆலையில் கடன் கைமாறுகிறது. புதிய வங்கி பழைய வங்கியின் பாக்கியைத் தீர்த்ததும் பழைய சி.சி. கணக்கு மூடப்படும், டிசம்பர் வரை வைத்திரு என்று கேட்டால் நடக்காது. அங்கே தேதிக் கணக்கைத் தவிர வேறு வழியில்லை. இரண்டாவது கடிதம் போய், சில்லறைத் தொகை சரிபார்த்து, மண்டியின் வங்கியில் பயனாளி சேர்ந்த பிறகே கணக்கை மூடும் நாளை வங்கிகளிடம் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: கடன் கைமாறி, கணக்கு மூடி, மண்டியிலிருந்து பணம் திரும்பிப்போன பிறகுதான் கடிதம் எழுத உட்காருகிறார்கள். அந்த அவசரத்தில் வாட்ஸாப்பில் எண் போகிறது, முதல் கடிதத்தில் போட்ட காவல் எல்லாம் வீண். மண்டியிடம் பழைய பெயரில் பின்தேதியிட்ட காசோலைகள் வாங்கி வைத்திருந்தால், அவற்றைப் புதிய பெயரில் மாற்றித்தரக் கேட்பதையும் இந்தக் கடிதத்திலேயே சேர்த்துவிடலாம்.

மாதமும் பார்த்துச் செய்ய வேண்டியது. சம்பா அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் ஆலை இரவு பகலாக ஓடும். பாக்கித் தொகையும் அப்போதுதான் உச்சம், நிதியாண்டு முடிவும் அதே சமயம். ஜூனில் மேட்டூர் திறந்து குறுவை நடவு நடக்கும் மாதங்களில் வரத்து குறைவு. ஜூன் முதல் வாரத்தில் சான்றிதழ் வந்தால், ஜி.எஸ்.டி. திருத்தம் முடிந்து ஜூன் கடைசியில் முதல் கடிதம், ஜூலை நடுவில் இரண்டாவது, அந்த வாரத்துக்குள் சில்லறைச் சோதனை, ஆகஸ்ட் 1 முதல் புதிய கணக்கு என்று வைத்துக்கொள்ளலாம். இருநூறு வாடிக்கையாளர் இருந்தாலும் இரண்டு கடித முறையை எல்லோருக்கும் செய்ய வேண்டியதில்லை. தவணையில் வாங்கும் பெரிய கைகள் பத்துப் பதினைந்து பேருக்கு முழு முறை. ரொக்கத்துக்கு வாங்கும் சில்லறைக் கடைகளுக்குப் பில்லில் அச்சிட்ட அறிவிப்பு போதும்.

எல்லாம் செய்தும் மண்டியிலிருந்து மூடிய கணக்குக்கு நெஃப்ட் வந்துவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. வரவு வைக்க முடியாத தொகையை, அந்த பேட்ச் முடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் அனுப்பிய வங்கிக்கே திருப்ப வேண்டும் என்பது விதி. மண்டியின் கணக்கில் அது திரும்பியதா என்று பார்த்துவிட்டு மறுபடி அனுப்பச் சொன்னால் போதும். பணம் திரும்பவும் இல்லை, நமக்கு வரவும் இல்லை என்றால் அது வேறு யாருடைய கணக்குக்கோ போயிருக்கிறது. அப்போது எந்தக் கடிதத்தைப் பார்த்து எண்ணைச் சேர்த்தார்கள் என்ற விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலில் மண்டிக்காரர் தன் வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் உடனே பேச வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் முடக்கினால்தான் மீட்க வழி உண்டு.